8 மணி நேரம் என்று எழுதும் முன் ஒரு நிமிடம்

இந்த வாரம் திருத்திய குரூப் 4 மாதிரித் தேர்வுத் தாள்களிலும் அதே பிழை. கேள்வி எளிது. ஒரு குழாய் தொட்டியை 6 மணி நேரத்தில் நிரப்பும், இன்னொரு குழாய் 10 மணி நேரத்தில் நிரப்பும். இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் எவ்வளவு நேரம் ஆகும்? தாளுக்குத் தாள் 8 மணி என்றே இருக்கிறது.

ஒரு குழாய் தனியாகவே 6 மணியில் நிரப்பிவிடும்போது, துணைக்கு இன்னொரு குழாய் வந்த பிறகு எப்படி 8 மணி ஆகும்? இதைக் கேட்டால் பிள்ளைகள் உடனே தலையாட்டுகிறார்கள். ஆனால் விடை எழுதும் நேரத்தில் யாரும் இதைக் கேட்டுக்கொள்வதில்லை.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வேறொன்று. சிலர் "ரெண்டு வழியில போட்டுப் பாத்தேன் சார், ரெண்டுலயும் 8தான் வருது" என்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மை. முதல் வழியில் 6-ஐயும் 10-ஐயும் கூட்டி இரண்டால் வகுக்கிறார்கள், 8. அடுத்த வழியில் 1/6 + 1/10 என்று சரியாகத்தான் எழுதுகிறார்கள். ஆனால் தொகுதியோடு தொகுதி, பகுதியோடு பகுதி என்று கூட்டி 2/16 ஆக்கிவிடுகிறார்கள். அது 1/8, தலைகீழாக்கினால் மறுபடியும் 8. எந்த இரண்டு எண்களை எடுத்தாலும் இப்படித்தான் ஆகும். பின்னத்தை அப்படித் தவறாகக் கூட்டினால் வருவது சராசரியேதான். ஆக, இரண்டு வழி என்று நினைத்தது ஒரே தவறு இரண்டு முறை. இரண்டு விடையும் ஒத்துப்போனதால் சரி என்று நம்பிவிடாதீர்கள்.

சரிபார்ப்பு என்றால், கிடைத்த விடையைத் தொட்டிக்கே கொண்டுபோக வேண்டும். முதல் குழாய் மணிக்குத் தொட்டியில் 1/6 பங்கை நிரப்புகிறது, இரண்டாவது 1/10 பங்கை. உங்கள் விடை எத்தனை மணியோ அதை இரண்டோடும் தனித்தனியாகப் பெருக்கிக் கூட்டுங்கள். சரியாக 1 வர வேண்டும், அதாவது ஒரு முழுத் தொட்டி. 8-ஐப் போட்டுப் பாருங்கள்: 8/6 + 8/10 = 32/15. இரண்டு தொட்டிக்கும் மேல் தண்ணீர்!

இன்னும் சிலர், இரண்டு குழாய் இருப்பதால் சராசரியில் பாதி என்று 4 மணி எழுதுகிறார்கள். இது 6-ஐ விடக் குறைவு, பார்க்கவும் நியாயமாகத் தெரியும், விடைத் தெரிவுகளிலும் இருக்கும். இரண்டு குழாய்களும் ஒரே வேகமாக இருந்தால் மட்டுமே இந்தப் பாதிக் கணக்கு சரி. இங்கே 4/6 + 4/10 = 16/15. பதினைந்தில் ஒரு பங்கு வழிந்துவிட்டது. அந்த 16/15-ஐ வீணாக்க வேண்டாம். 4-ஐ அதால் வகுத்தால் 15/4, அதாவது மூன்றே முக்கால் மணி. அதையும் சோதித்துவிடலாம். முதல் குழாய் 5/8 தொட்டி, இரண்டாவது 3/8 தொட்டி, கூட்டினால் 1.

மூன்றே முக்கால் என்பது 3 மணி 45 நிமிடம். அதை 3.45 என்று போட்டுப் பெருக்காதீர்கள், கூட்டுத்தொகை 0.92-தான் வரும். சரியான விடையையே தப்பென்று அடித்துவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். 3.75 என்று போடுங்கள்.

AB/(A+B) என்ற ஷார்ட்கட்டை மனப்பாடம் செய்தவர்களுக்கு இந்தக் கேள்வியில் ஆபத்தில்லை. கேள்வி கொஞ்சம் திரும்பினால்தான் சிக்கல். இரண்டாவது குழாயை ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால்? மூன்றே முக்காலோடு ஒன்றைக் கூட்டி நாலே முக்கால் என்கிறார்கள். அந்த நாலே முக்கால் மணியும் முதல் குழாய் ஓடியிருக்கிறது, இரண்டாவது மூன்றே முக்கால் மணிதான் ஓடியது. 4.75/6 + 3.75/10 போட்டால் 1-ஐத் தாண்டிவிடும். அந்த முதல் ஒரு மணியில் தொட்டி 1/6 நிறைந்திருந்ததை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. மீதி 5/6 பங்குக்கு மட்டுமே இரண்டும் சேர்ந்து ஓட வேண்டும். மணிக்கு 4/15 வீதம் அதற்கு 25/8 மணி. முன்னே போன ஒரு மணியைச் சேர்த்தால் 33/8, அதாவது 4 மணி 7½ நிமிடம். சோதனை: 11/16 + 5/16 = 1.

அதனால் பெருக்கும்போது ஒவ்வொரு குழாய்க்கும் அது ஓடிய நேரத்தையே எடுங்கள். கேள்வியில் காலி செய்யும் குழாய் வந்தால் அதன் பங்கைக் கழியுங்கள். கழிக்க வேண்டியதைக் கூட்டிக் கணக்கிட்டு, சோதனையிலும் கூட்டினால் 1 வந்துவிடும், விடை தப்பாகவே இருக்கும். ஆகவே சோதனைக்கு முன் கேள்வியை மறுபடி ஒரு முறை படித்துவிடுங்கள், தயவுசெய்து.