வாடகைக் கொள்முதல்: ஒரு சொல்லும் ஒரு லாரிப் பத்திரமும்

லாரிப் பட்டறையிலும் ஆர்.டி.ஓ. அலுவலக வாசலிலும் ‘எச்.பி.’ என்று இரண்டு எழுத்தில் முடிந்துவிடும் சொல் இது. விரித்தால் ஹயர் பர்ச்சேஸ். தமிழில் வாடகைக் கொள்முதல். இலங்கையின் கணக்கியல் நூல்களில் வாடகைக் கொள்வனவு. ‘தவணைமுறைக் கொள்முதல்’ என்றும் பலர் எழுதுகிறார்கள். கேட்க எளிமையாக இருந்தாலும் அது வேறொரு பொருளைக் குறிக்கும் சொல். தவணை விற்பனையில் பொருள் முதல் நாளே வாங்கியவருக்குச் சொந்தமாகிவிடும், விலை மட்டும் பாக்கி நிற்கும். வாடகைக் கொள்முதலில் கடைசித் தவணை கட்டி, வாங்கும் விருப்பத்தையும் நிறைவேற்றும் வரை பொருள் நிதி நிறுவனத்துடையது. அதுவரை நீங்கள் கட்டுவது வாடகை. அதனால் ‘வாடகை’ என்ற பகுதியை விட்டுவிட்டால் ஒப்பந்தத்தின் உயிரே போய்விடும்.

இந்த அமைப்புக்குச் சட்ட வடிவம் தந்த வழக்கு ஒரு பியானோவைப் பற்றியது. 1895-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த ஹெல்பி எதிர் மாத்யூஸ் வழக்கு. மாதம் பத்தரை ஷில்லிங் வீதம் 36 மாதம் கட்டினால் பியானோ சொந்தம், நடுவில் வேண்டாமென்றால் திருப்பித் தந்துவிடலாம் என்பது ஒப்பந்தம். எடுத்தவர் நடுவிலேயே அதை அடகு வைத்துவிட்டார். வாங்கியே தீருவேன் என்று அவர் கட்டுப்படவில்லை, வாங்கும் விருப்பம் மட்டுமே அவருக்கு இருந்தது, ஆகவே உரிமை மாறவில்லை, அடகுக்கடைக்காரர் பியானோவைத் திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பானது. இந்தியாவில் 1972-இல் இதற்கென்றே தனிச்சட்டம் இயற்றினார்கள். அது ஒருநாளும் நடைமுறைக்கு வராமல் 2005-இல் நீக்கப்பட்டது. ஆகையால் இங்கே வண்டி எடுப்பவரைக் காப்பதும் கட்டுவதும் பெரும்பாலும் அவர் கையெழுத்துப் போட்ட பத்திரத்தின் வாசகம்தான்.

கொள்முதல் என்பது கொள், முதல் என்ற இரண்டின் சேர்க்கை. முதல் என்றால் போட்ட பணம், உடைமை. வண்டியைப் பிடுங்கிக்கொண்டு போவதை நாம் பறிமுதல் என்கிறோமே, அதிலும் அதே முதல்தான். எச்.பி. பத்திரத்தைப் படிக்கும்போது இந்த வரிசையே நல்ல வழிகாட்டி: முதல் எவ்வளவு, அது எப்போது கொள்முதல் ஆகும், எந்த நிலையில் பறிமுதல் ஆகும்.

முதலில் ‘முதல்’

ஆறு வயதான ஒரு லாரி 12 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கைப்பணம் 3 லட்சம், பைனான்ஸ் 9 லட்சம். வட்டி 9 சதவீதம், 48 டியூ. விற்பனைப் பிரதிநிதி சொல்லும் 9 சதவீதம் பிளாட் வட்டி. அதாவது நான்கு ஆண்டும் முழு 9 லட்சத்துக்கே வட்டி போடுவது: 9,00,000-க்கு ஆண்டுக்கு 81,000, நான்கு ஆண்டுக்கு 3,24,000. மொத்தம் 12,24,000. டியூ 25,500.

ஆனால் முதல் டியூவிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது. குறையும் அசலுக்கு மட்டும் வட்டி என்று பார்த்தால் இதே டியூவுக்கு ஆண்டு வட்டி சுமார் 16 சதவீதம். இதற்கு மேல் செயலாக்கக் கட்டணம், பத்திரச் செலவு, கடனோடு சேர்த்துத் தலையில் கட்டும் காப்பீடு என்று 40,000 பிடித்துக்கொண்டால் கைக்கு வருவது 8,60,000 மட்டுமே. டியூ குறையாது. இதை யாரையும் கேட்காமல் கைப்பேசியில் உள்ள கணக்குத்தாளிலேயே போட்டுப் பார்க்கலாம்:

```
=RATE(48,-25500,860000)*12
```

விடை 18.5 சதவீதம். முதல் டியூவைப் பணம் தரும் நாளிலேயே முன்தவணையாகப் பிடித்துக்கொண்டால் அது 19.4 வரை ஏறும். பேரம் பேச வேண்டியது இந்த எண்ணை வைத்துத்தான். சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்குத் தரும் தவணைக் கடன்களுக்கு எல்லாக் கட்டணங்களும் சேர்த்த ஆண்டு விகிதத்தை முக்கிய விவரத்தாளில் காட்ட வேண்டும் என்பது 2024 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. கையெழுத்துக்கு முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

தாமதக் கட்டணத்தைப் பலர் படிப்பதே இல்லை. மாதம் 3 சதவீதம் என்று சிறிய எழுத்தில் இருக்கும், அதாவது ஆண்டுக்கு 36. லாரித் தொழிலில் வாடகைப் பணம் பில் போட்டு வாரக்கணக்கில் கழித்துத்தான் வரும். ஒவ்வொரு டியூவும் 20 நாள் தள்ளிப் போனால் ஒரு டியூவுக்கு 500 ரூபாய்க்குச் சற்று மேல், 48 டியூவுக்கு ஏறக்குறைய 24,000. இதைத் தவிர்க்கச் செலவே இல்லாத வழி, உங்களுக்குப் பணம் வரும் நாளைப் பார்த்து டியூ தேதியைப் பத்திரத்திலேயே மாற்றி வாங்குவது. அபராதத்தை வட்டியோடு சேர்த்து, அதற்கும் வட்டி போடுவதை ரிசர்வ் வங்கி தடுத்துவிட்டது. 2024 ஏப்ரலுக்குப் பிறகான பத்திரத்தில் அப்படி ஒரு வரி இருந்தால் எடுக்கச் சொல்லலாம்.

எப்போது கொள்முதல்?

தூய வாடகைக் கொள்முதலில் கடைசியில் கட்டும் விருப்பக் கட்டணம் நூறோ ஆயிரமோ, பெயரளவுக்குத்தான் இருக்கும். கடைசியில் ஒரு பெரிய தொகையை நிறுத்திவைக்கும் திட்டங்களும் உண்டு. அந்தத் தொகையை எஞ்சு மதிப்பு என்பார்கள். டியூ சிறிதாகத் தெரிவதால் ஆசை காட்டும். மேலே சொன்ன 9 லட்சத்திலேயே, அதே வட்டியில், 2 லட்சத்தைக் கடைசிக்கு நிறுத்தினால் டியூ 22,500 ஆகும். மாதம் 3,000 மிச்சம். ஆனால் கட்டும் மொத்தம் 12,80,000, அதாவது 56,000 கூடுதல். நிறுத்திய 2 லட்சத்துக்கும் நான்கு ஆண்டு வட்டி ஓடுகிறதல்லவா!

கூடுதலைவிடக் கவலை தருவது வேறு. நான்கு ஆண்டு கழித்து அந்த லாரிக்குப் பத்து வயது. எட்டு வயதுக்கு மேல் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்கு வண்டியை ஆண்டுதோறும் காட்ட வேண்டும், அதற்கான வேலையும் செலவும் சந்தை விலையில் கழியும். அப்போது சந்தை விலை எஞ்சு மதிப்புக்குக் கீழே விழுந்தால் அந்த நட்டம் யாருடையது? ‘வண்டியைத் திருப்பித் தந்தாலும் குறைவைக் கொள்முதல்தாரர் ஈடுகட்ட வேண்டும்’ என்று இருந்தால், திருப்பித் தரும் விருப்பம் வெறும் பேச்சு. எஞ்சு மதிப்பு ரூபாயில் நிலையாக எழுதப்பட வேண்டும். ‘நிறுவனம் அப்போது நிர்ணயிக்கும்’ என்றிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

பறிமுதலா, மீள்கைப்பற்றலா?

தொழிலில் வழங்கும் சொல் ‘சீஸ்’. பத்திரங்களின் தமிழாக்கத்தில் பறிமுதல் என்று வருகிறது. பறிமுதல் என்பது அதிகாரம் உள்ளவர் செய்வது. நிதி நிறுவனத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. தன் பொருளைத் திரும்ப எடுக்கும் ஒப்பந்த உரிமைதான் உண்டு. மீள்கைப்பற்றல் என்று எழுதுவதே சரி. அடியாட்களை வைத்து எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் சொன்னது. 2020-இல் வந்த தீர்ப்பு ஒன்று வாடகைக் கொள்முதலில் நிறுவனமே உரிமையாளர் என்பதை உறுதிசெய்தது. கூடவே, முன்னறிவிப்பு தர வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னால் தந்தே ஆக வேண்டும் என்றது. ஆகவே அறிவிப்பு எத்தனை நாள், எந்த முகவரிக்கு, எந்தச் சூழலில் அறிவிப்பு இல்லாமலே எடுக்கலாம், விற்பதற்கு முன் கட்டி மீட்கக் கடைசி வாய்ப்பு எத்தனை நாள், ஏலம் எப்படி நடக்கும் என்பவை பத்திரத்தில் தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வங்கிசாரா நிதி நிறுவனங்களுக்கான ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதி இவற்றை எழுதச் சொல்கிறது.

பணம் கைவிட்டுப் போகும் இடம் கணக்கு முடிக்கும் முறை. நம் லாரிக்கு 30 டியூ ஆன நிலையில் கடைசி இரண்டு பாக்கி, வண்டி சீஸ் ஆகிறது, 4,80,000-க்கு ஏலம் போகிறது என்போம். யார்டு வாடகையும் எடுத்த கூலியும் 20,000. மீதி 18 டியூவில் வராத காலத்து வட்டியைக் கழித்தால் அசல் 4,05,730. பாக்கி 51,000 சேர்த்தால் 4,56,730. செலவும் போக உங்களுக்கு 3,270 திரும்ப வர வேண்டும். ‘தவறினால் எஞ்சிய எல்லா டியூவும் உடனே கட்ட வேண்டும்’ என்ற ஒரு வரி, வட்டிக் கழிவைப் பற்றிப் பேசாமல் இருந்தால், அதே வண்டிக்கு 18 டியூவும் முழுசாக 4,59,000, பாக்கி 51,000, செலவு 20,000. ஏலப் பணம் போக நீங்கள் 50,000 தர வேண்டும் என்று நோட்டீஸ் வரும். ‘வராத காலத்து வட்டி கழிக்கப்படும், மீதப் பணம் கொள்முதல்தாரருக்குத் திருப்பித் தரப்படும்’ என்ற இரண்டு வாக்கியங்களை எழுதி வாங்குவதுதான் இதற்குத் தடுப்பு.

மீதப் பணம் யாருக்கு என்ற கேள்வியில்தான் சொல்லின் பொருள் திரும்ப வந்து நிற்கிறது. தூய வாடகைக் கொள்முதலில் வண்டி எங்களுடையது, மீதமும் எங்களுடையது என்று நிதி நிறுவனத்தார் வாதிடலாம். அடமானக் கடன் என்றால் வண்டி உங்களுடையது, மீதமும் உங்களுடையது. பெயர் எச்.பி. என்று இருந்தாலும், வண்டியை நீங்களே வாங்கி, கடனுக்கு ஈடாக மட்டும் அந்தப் பத்திரம் எழுதப்பட்டிருந்தால் அது கடன்தான் என்று 1966-இல் சுந்தரம் பைனான்ஸ் எதிர் கேரள அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் பார்த்தது. இன்று எச்.பி. என்று சொல்லப்படும் பலவும் பத்திரத்தில் அடமானக் கடன்தான். ஆர்.சி.யில் எந்தச் சொல் ஏறியிருக்கிறது, பத்திரத்தின் தலைப்பில் எந்தச் சொல் இருக்கிறது, இரண்டும் பொருந்துகின்றனவா என்று ஒப்பிடுங்கள். எதுவானாலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணில், வண்டி யார் கையில் ஓடுகிறதோ அவரே உரிமையாளர். விபத்துப் பொறுப்பு உங்களைத்தான் தேடி வரும்.

நிரப்பாத படிவங்களில் கையெழுத்து வாங்கும் பழக்கம் உண்டு. படிவம் 29, 30 பெயர் மாற்றத்துக்கானவை. வெற்றுத் தாளாக இவற்றைத் தந்துவிட்டால் வண்டி விற்கப்படுவது உங்களுக்குக் கடைசியில்தான் தெரியும். நிறுவனம் தன் பெயரில் புது ஆர்.சி. வாங்குவதற்குத் தனியாகப் படிவம் 36 இருக்கிறது. அந்த வழியில் போனால் பதிவு அலுவலகம் உங்களுக்கு அறிவிப்பு அனுப்பியாக வேண்டும். வண்டியை எடுத்துப் போனால் பொருள் பட்டியலில் டயர்களின் எண், ஸ்டெப்னி, தார்ப்பாய், ஜாக்கி, ஏற்றியிருந்த சரக்கு எல்லாம் எழுதி, ஓட்டுநரிடம் ஒரு நகல் தரச் சொல்லுங்கள். நல்ல டயரோடு போன லாரி மொட்டை டயரோடு ஏலத்துக்கு வந்தால் விலை அங்கேயே இறங்கிவிடும்.

இன்னொரு வரியையும் தேடிப் பாருங்கள்: ‘இந்நிறுவனத்தில் உள்ள வேறெந்தக் கணக்கின் பாக்கிக்கும் இவ்வண்டி ஈடாகும்’. நண்பருக்கு ஜாமீன் போட்டிருந்தால், உங்கள் 48 டியூவும் முடிந்த பிறகும் தடையின்மைச் சான்றான என்.ஓ.சி. வராமல் நிற்பது இந்த வரியால்தான். அதை நீக்க ஒப்பவில்லை என்றால், உங்கள் பெயரில் எடுத்த கணக்குகளுக்கு மட்டும் என்றாவது குறுக்கி வாங்குங்கள். கடைசி டியூவும் விருப்பக் கட்டணமும் கட்டிய பின் எத்தனை நாளில் என்.ஓ.சி.யும், இரு தரப்பும் கையெழுத்திட்ட படிவம் 35 இரண்டு பிரதியும் தருவார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். அந்தப் படிவம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஏறி, ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் நீங்கி, காப்பீட்டுப் பாலிசியிலும் அது எடுக்கப்பட்டால்தான் உங்கள் ஆவணங்களில் எச்.பி. முடிகிறது.