ஹார்டுவேர் வாலட் கையொப்பமிடும் முன் எதைச் சரிபார்க்கிறது?

பிட்காயின் அனுப்ப மூன்று தகவல்கள் வேண்டும்: எந்தப் பழைய வரவைச் செலவழிக்கிறோம், யாருக்கு எவ்வளவு போகிறது, அந்த வரவுக்குரிய தனிச்சாவி எது. முதல் இரண்டையும் இணையத்தில் இருக்கும் கம்ப்யூட்டரே திரட்டிவிடும். அதனிடம் இருப்பது பொதுச்சாவி மட்டும்தான். அதைக் கொண்டு இருப்பைப் பார்க்கலாம், புதிய முகவரிகளை உருவாக்கலாம். பிட்காயினின் மிகச்சிறிய அலகான சடோஷியில் ஒன்றைக்கூடச் செலவழிக்க முடியாது. தனிச்சாவி ஹார்டுவேர் வாலட் என்ற சிறிய தனிச் சாதனத்துக்குள் இருக்கிறது. கம்ப்யூட்டர் கேட்டால் அதை எடுத்துத் தரும் கட்டளை அந்தச் சாதனத்தின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரில் கிடையாது.

கம்ப்யூட்டரில் உள்ள வாலட் மென்பொருள், கையொப்பமிடாத பரிவர்த்தனையை PSBT என்ற பொது வடிவத்தில் கட்டி, கேபிள், மெமரி கார்டு, கியூஆர் கோடு என ஏதோ ஒரு வழியில் சாதனத்துக்கு அனுப்பும். சாதனம் அதைப் படித்து, தன் திரையில் காட்டி, பட்டனை அழுத்தியதும் சுமார் 70 பைட் நீளமுள்ள ஒரு கையொப்பத்தைத் திருப்பித் தரும். அந்தக் கையொப்பத்திலிருந்து சாவியைப் பின்னோக்கிக் கணக்கிட இன்று நடைமுறையில் வழியில்லை. ஆகவே, கம்ப்யூட்டரில் புகுந்த திருட்டு மென்பொருளால் சாவியைத் தொட முடியாது. அதற்கு மிஞ்சியிருக்கும் வழி ஒன்றுதான்: பயனர் நினைப்பதை விட்டுவிட்டு வேறொன்றில் கையொப்பம் வாங்குவது.

சாதனத்தின் உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது. அதற்கு இணையம் கிடையாது, பிளாக்செயினையும் அது பார்த்ததில்லை. அதற்குத் தெரிவதெல்லாம் கம்ப்யூட்டர் சொன்னது. அந்தக் கம்ப்யூட்டரோ பொய் சொல்லக்கூடியது. கணிதப்படி கையொப்பம் இடப்படுவது பரிவர்த்தனையின் கைரேகை போன்ற 32 பைட் சுருக்கமான ஹேஷ் மீது. அந்த ஹேஷை மட்டும் வாங்கிக் கையொப்பமிடும் சாதனம் பயனற்றது, ஏனெனில் அந்த 32 பைட்டைப் பார்த்து எந்த மனிதராலும் எதையும் சொல்ல முடியாது. அதனால் நல்ல சாதனம் முழுப் பரிவர்த்தனையையும் வாங்கி, ஹேஷைத் தானே கணக்கிடுகிறது. திரையில் காட்டியதும் கையொப்பமிட்டதும் ஒன்றே என்பதற்கு அதுதான் உத்தரவாதம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒருவரிடம் 50,00,000 சடோஷி கொண்ட ஒரே வரவு இருக்கிறது. அதிலிருந்து 12,00,000 சடோஷி அனுப்புகிறார். இப்படி ஒரு வரவும் இரண்டு செலவுகளும் கொண்ட, செக்விட் என்ற வடிவிலான பரிவர்த்தனையின் அளவு, கட்டணத்தைக் கணக்கிடப் பயன்படும் விபைட் என்ற அலகில் சுமார் 141. விபைட்டுக்கு 20 சடோஷி வீதம் கட்டணம் 2,820. மீதி 37,97,180 சடோஷி அவருக்கே, புதிய முகவரி ஒன்றில் திரும்ப வரவேண்டும். மீதி முகவரியைத் தேர்ந்தெடுப்பது கம்ப்யூட்டர். அங்கே திருடன் தன் முகவரியைச் செருகினால் என்ன ஆகும்?

இதைத் தடுக்க, மீதி முகவரியுடன் அது எந்தப் பாதையில் உருவானது என்பதையும் கம்ப்யூட்டர் சொல்லவேண்டும். உதாரணமாக:

```
m/84'/0'/0'/1/7
```

சாதனம் தன் சாவிகள் எல்லாம் பிறக்கும் மூலவிதையிலிருந்து அதே பாதையில் முகவரியைத் தானே உருவாக்கிப் பார்க்கும். இரண்டும் பொருந்தினால் அது சொந்த முகவரி. அதைப் பயனரிடம் காட்டிக் குழப்பவேண்டியதில்லை. பொருந்தாவிட்டால் வெளியாருக்குப் போகும் தொகையாகவே திரையில் காட்டும். எனவே ஒரே ஒருவருக்கு அனுப்பும்போது சாதனம் இரண்டாவதாக ஒரு முகவரியையும் உறுதிப்படுத்தச் சொன்னால், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பாதையின் கடைசி எண் நூறுகோடிக் கணக்கில் இருந்தாலும் ஆபத்துதான். பணம் சொந்தச் சாவிக்கே போயிருக்கும், ஆனால் எந்த எண்ணில் தேடுவது என்று திருடனுக்கு மட்டுமே தெரியும். அதைச் சொல்லப் பணம் கேட்பான். அதனால்தான் வழக்கத்துக்கு மாறான பாதைகளைச் சாதனங்கள் எச்சரிக்கின்றன அல்லது மறுக்கின்றன.

கட்டணத்தில் இருக்கும் பொறி இதைவிட நுட்பமானது. பிட்காயின் பரிவர்த்தனையில் கட்டணம் என்று தனியாக ஒரு எண் எழுதப்படுவதில்லை. மொத்த வரவிலிருந்து மொத்தச் செலவைக் கழித்தால் மிஞ்சுவதெல்லாம், பரிவர்த்தனையைப் பிளாக்செயினில் சேர்க்கும் மைனருக்கு. வரவின் தொகையோ இந்தப் பரிவர்த்தனைக்குள் இருக்காது. பழைய பரிவர்த்தனையில் இருக்கும். செக்விட் இதற்கு ஒரு தீர்வு தந்தது: ஒவ்வொரு வரவுக்கான கையொப்பமும் அந்த வரவின் தொகையையும் சேர்த்தே இடப்படுகிறது. தொகையில் பொய் சொன்னால் கையொப்பம் செல்லாது. இது போதும் என்று நம்பியே பல சாதனங்கள் பழைய பரிவர்த்தனையைக் கேட்காமல் விட்டன.

அது போதாது என்பது 2020-ல் பரவலாகத் தெரியவந்தது. இரண்டு வரவுகள் இருக்கட்டும்: அ 80,00,000, ஆ 60,00,000 சடோஷி. செலவுகளின் கூட்டுத்தொகை 90,00,000. முதல்முறை கம்ப்யூட்டர் ‘அ’ பற்றி உண்மையும், ‘ஆ’ வெறும் 10,04,000 என்று பொய்யும் சொல்கிறது. திரையில் கட்டணம் 4,000 என்று வரும், பயனர் சம்மதிக்கிறார். ‘அ’வுக்கான கையொப்பம் செல்லும், ‘ஆ’வுக்கானது செல்லாது. உடனே “பிழை, மீண்டும் முயலவும்” என்று ஒரு செய்தி. இரண்டாம் முறை ‘அ’ 30,04,000 என்று பொய், ‘ஆ’ பற்றி உண்மை. திரையில் அதே முகவரிகள், அதே 4,000. இப்போது ‘ஆ’வுக்கான கையொப்பம் செல்லும். செல்லுபடியாகும் இரண்டையும் ஒட்டினால் முழுமையான பரிவர்த்தனை தயார். உண்மைக் கட்டணம் 50,00,000 சடோஷி. திருடனுக்கு நேரடி லாபம் கிடைக்க மைனர் கூட்டு வேண்டும் என்பது உண்மைதான். இழந்தவருக்கு அதில் ஆறுதல் இல்லை.

மருந்து எளிது, கொஞ்சம் மெதுவானது. ஒவ்வொரு வரவும் வந்த பழைய பரிவர்த்தனையை முழுதாகச் சாதனத்துக்கு அனுப்பவேண்டும். சாதனம் அதை ஹேஷ் செய்து, இப்போதைய பரிவர்த்தனை குறிப்பிடும் அடையாள எண்ணுடன் பொருந்துகிறதா என்று பார்க்கும். பொருந்தினால் அதிலுள்ள தொகை உண்மை. நினைவகம் சிறியது என்பதால் துண்டு துண்டாக வாங்கித்தான் இதைச் செய்யும். நிறைய வரவுகளைச் சேர்த்து அனுப்பும்போது சாதனம் நேரம் எடுத்துக்கொள்வதற்கு இது ஒரு காரணம். பழைய பரிவர்த்தனை இணைக்கப்படவில்லை என்று சாதனம் மறுத்தால், கம்ப்யூட்டரிலுள்ள மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். எச்சரிக்கையைத் தாண்டிப் போகும் வழியைத் தேடக்கூடாது. 2021 நவம்பரில் வந்த டேப்ரூட் என்ற பிட்காயின் மேம்பாட்டில் ஒவ்வொரு கையொப்பமும் எல்லா வரவுகளின் தொகையையும் சேர்த்தே இடப்படுவதால், டேப்ரூட் வரவுகளை மட்டும் செலவழிக்கும்போது இந்தத் தந்திரம் பலிக்காது.

கடைசியாக, கையொப்பத்துக்குள்ளேயே ஒரு வாசல் உண்டு. செக்விட் வரவுகளில் பயன்படும் ஈசிடிஎஸ்ஏ முறையில், ஒவ்வொரு முறையும் k என்ற ரகசிய எண் ஒன்று தேவை. ஹேஷ் z, தனிச்சாவி d, கையொப்பம் r, s, எல்லோருக்கும் தெரிந்த நிலையான எண் n என்றால்:

```
s = (z + r·d) / k   (mod n)
d = (s·k − z) / r   (mod n)
```

இரண்டாவது வரி சொல்வது இதுதான்: k தெரிந்துவிட்டால் சாவியும் தெரிந்துவிடும். இரண்டு வெவ்வேறு ஹேஷ்களுக்கு ஒரே k பயன்பட்டாலும் அதே கதி. 2013-ல் ஆண்ட்ராய்டின் சமவாய்ப்பு எண் பிழையால் பலரது பிட்காயின் இப்படித்தான் பறிபோனது. அதனால் சாதனங்கள் k-ஐச் சாவியிலிருந்தும் ஹேஷிலிருந்துமே கணக்கிட்டு எடுக்கின்றன.

ஆனால் அப்படித்தான் எடுத்தது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஃபர்ம்வேரே கெட்டதாக இருந்தால், திருடனுக்குத் தெரிந்த k-ஐப் பயன்படுத்தி, சாவியைக் கையொப்பத்துக்குள்ளேயே ஒளித்துப் பிளாக்செயினுக்கு அனுப்பிவிடும். கேபிளே இல்லாமல் கியூஆர் கோடு மூலம் மட்டும் பேசினாலும் இது நடக்கும். சில சாதனங்கள் இதற்கு k-இல் கம்ப்யூட்டரின் சமவாய்ப்பு எண்ணையும் கலந்து, அது உண்மையிலேயே கலக்கப்பட்டதா என்று கம்ப்யூட்டர் சோதிக்க வழி தருகின்றன. அந்த வசதி இல்லாத சாதனத்தில், ஃபர்ம்வேரைத் தயாரிப்பாளரின் கையொப்பத்துடன் சரிபார்த்து நிறுவுவதுதான் கையிலுள்ள பாதுகாப்பு.