சாட்டிஸ்ஃபைசிங்: ‘திருப்தி’ இல்லை, ‘போதும்’

போன மாதம் ஒரு மேலாண்மைப் பயிற்சிக் குறிப்பைத் தமிழாக்கிக் கொடுத்தேன். மூலத்தில் இருந்த ‘சாட்டிஸ்ஃபைசிங்’ என்ற சொல்லை எழுத்துப்பிழை என்று நினைத்து, எனக்கு முன்னால் அதைப் பார்த்தவர் ‘சாட்டிஸ்ஃபையிங்’ என்று திருத்தி அனுப்பியிருந்தார். அந்த ஒரு எழுத்தில் பொருளே மாறிவிடுகிறது: ‘சாட்டிஸ்ஃபையிங்’ என்றால் திருப்தி தருவது, ‘சாட்டிஸ்ஃபைசிங்’ என்றால் நாம் வைத்த எல்லையைத் தேறுகிற முதல் வழி கிடைத்ததும் போதும் என்று தேடலை நிறுத்துவது.

சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஹெர்பர்ட் சைமன், 1978-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற அமெரிக்கர். இதை, திருப்திப்படுத்துவதைச் சொல்லும் ‘சாட்டிஸ்ஃபை’, போதுமாக இருப்பதைச் சொல்லும் ‘சஃபைஸ்’ என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களின் ஒட்டு என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லும். கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் சைமன் இதை வட இங்கிலாந்தின் நார்தம்பிரியா வட்டாரச் சொல் என்றார். அதாவது புதிதாக உருவாக்கவில்லை, பழையதைத் தூசு தட்டி எடுத்து 1956-இல் ஒரு கட்டுரையில் புதுப் பொருளோடு வைத்தார். வேரில் இருப்பது ‘சாட்டிஸ்’ என்ற லத்தீன் சொல், அதன் பொருள் ‘போதும்’. தமிழாக்கத்துக்கு அந்த வேரே வழி காட்டுகிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

அவருக்கு இந்த எண்ணம் வந்தது கணக்குப் போட்டு அல்ல. 1935-இல் மில்வாக்கி நகரத்தில் விளையாட்டு மைதானங்களைப் பள்ளி வாரியமும் பொதுப்பணித் துறையும் சேர்ந்து நடத்தி வந்தன. இருக்கிற பணத்தில் மைதானப் பராமரிப்புக்கு எவ்வளவு, விளையாட்டைக் கவனிக்கும் ஆட்களுக்கு எவ்வளவு என்று சண்டை. பாடப்புத்தகப்படி விடை எளிது: கடைசி ஒரு டாலர் எங்கே போனாலும் ஒரே பலன் தரும் புள்ளியில் பிரிக்க வேண்டும். அப்படி யாருமே யோசிக்கவில்லை. அவரவர் துறைக்குக் கண்ணில் பட்டதை வைத்து அவரவர் முடிவெடுத்தார்கள். மனிதர்கள் நிஜத்தில் எப்படித்தான் முடிவெடுக்கிறார்கள் என்ற கேள்வி அவருக்கு அங்கே பிடித்துக்கொண்டது.

முடிவெடுப்பவருக்கு எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்ளும் பாடப்புத்தகத்து ‘முழு அறிவு மாதிரி’ கேட்பது இவ்வளவு: இருக்கிற எல்லா வழிகளும் கையில் இருக்க வேண்டும், ஒவ்வொன்றின் விளைவும் அது நடக்கும் வாய்ப்பும் தெரிய வேண்டும், எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் நிறுத்து உச்சத்தை எடுக்க வேண்டும். சைமன் சொன்னது, மேலாளருக்கு இது மூன்றும் கிடைக்காது. தகவல் குறைவு, நேரம் குறைவு, கணக்குப் போடும் தலையும் ஒன்றுதான். இந்த நிலைக்குப் பெயர் ‘பவுண்டட் ரேஷனாலிட்டி’. அந்த நிலையில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதன் பெயர் ‘சாட்டிஸ்ஃபைசிங்’. முன்னது நிலைமை, பின்னது நடைமுறை. பலர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

நடைமுறை என்றால் எப்படி? எங்கள் ஆபிஸ் கதையையே சொல்கிறேன். 6,000 சதுர அடியில் ஒரு குடோன் தேவை, தீபாவளிச் சரக்கு வர இரண்டு வாரம்தான் இருந்தது. மேலாளர் முதலில் ஒரு தாளில் மூன்று எல்லை எழுதினார். வாடகை சதுர அடிக்கு 22 ரூபாயைத் தாண்டக் கூடாது, 20 அடி கண்டெய்னர் உள்ளே வந்து திரும்ப வேண்டும், 2023 டிசம்பர் மழையில் உள்ளே தண்ணீர் ஏறியிருக்கக் கூடாது. மூன்றும் தேறுகிற முதல் குடோனோடு தேடல் முடிந்தது, அவ்வளவுதான்.

மாதவரத்தில் பார்த்தது 20 ரூபாய், ஆனால் தெருவில் கண்டெய்னர் திரும்பாது. செங்குன்றம் பக்கம் பார்த்தது 21 ரூபாய், எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் சுவரில் கீழே மூன்று அடிக்கு மட்டும் புதுப் பெயின்ட். எதிர் டீக்கடை அக்காவிடம் கேட்டதும் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். அம்பத்தூரில் நல்ல குடோன், 27 ரூபாய். மூன்றும் போனதும் மேலாளர் வாடகை எல்லையை 24-க்கு உயர்த்தினார், தண்ணீர் விஷயத்தில் மட்டும் இறங்கவே இல்லை. இதை சைமன் ‘எதிர்பார்ப்பு மட்டம்’ என்பார், உளவியலில் இருந்து எடுத்துக்கொண்டது. கிடைப்பது கஷ்டமானால் மட்டம் இறங்கும், எளிதில் கிடைத்தால் ஏறும், சும்மா நிலையாக நிற்காது. நான்காவது பூந்தமல்லி தாண்டி, 23.50 ரூபாய், எல்லாம் தேறியது. “சார், இன்னிக்கே டோக்கன் போட்டுடுங்க” என்றார் புரோக்கர். போட்டுவிட்டோம்.

அடுத்த மாதம் தெரிந்தது, புரோக்கர் பட்டியலில் ஐந்தாவதாக இருந்த இடம் 21 ரூபாய்க்கு வேறொருவருக்குப் போயிருக்கிறது. மாதம் 15,000 வித்தியாசம், பதினொரு மாத ஒப்பந்தத்துக்கு 1,65,000. முதலாளி கொதித்தார். நான் கொதிக்க மாட்டேன், ஏனென்றால் ஐந்தாவதைப் பார்த்திருந்தால் ஆறாவது ஏன் பார்க்கவில்லை என்ற கேள்வி வரும், அதற்குள் நான்காவது கைவிட்டுப் போயிருக்கும்.

சிலர் இங்கே, “அப்போ தேடும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அதுவும் உச்சத் தேர்வுதானே?” என்று கேட்பார்கள். அந்தக் கணக்குப் போட, இன்னும் பார்க்காத குடோன்களின் வாடகை எப்படிப் பரவியிருக்கும் என்று தெரிய வேண்டும். அது நமக்குத் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளவே இன்னொரு தேடல் வேண்டும்.

உண்மையான ஓட்டை வேறு. முழு அறிவு மாதிரியில் எந்த வரிசையில் பார்த்தாலும் விடை மாறாது, ஏனென்றால் எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் தேர்வு. போதும் என்று நிறுத்துகிற முறையில் வரிசைதான் பாதி முடிவு. ஐந்தாவது முதலில் வந்திருந்தால், அதுவும் மூன்று எல்லையைத் தேறியிருந்தால், 21 ரூபாயில் முடிந்திருக்கும். அந்த வரிசையைப் போட்டது யார்? புரோக்கர், ஒரு மாத வாடகை கமிஷன் வாங்குபவர். எல்லையை நாங்கள் எழுதினோம், வரிசையை அவரிடம் விட்டுவிட்டோம். முழுப் பட்டியலையும் முதலிலேயே வாங்கி, போனிலேயே கேட்டுவிடக்கூடிய வாடகையை வைத்து நாங்களே வரிசைப்படுத்தியிருக்கலாம். இன்னொன்று, எல்லையைத் தேடலுக்கு முன்பே எழுதினாரா, பிடித்துப்போன இடத்துக்கு ஏற்றாற்போல் பிறகு எழுதினாரா என்று பாருங்கள். பிறகு எழுதியிருந்தால் அது சாட்டிஸ்ஃபைசிங் அல்ல, சோம்பலுக்கு நல்ல பெயர்.

இப்போது தமிழ்ச் சொல், முதலில் ‘பவுண்டட் ரேஷனாலிட்டி’க்கு. ‘பகுத்தறிவு’ என்றால் சென்னையில் உடனே பெரியார்தான் நினைவுக்கு வருவார், மூடநம்பிக்கைக்கு எதிரான சொல் அது. சைமன் பேசுவது இலக்குக்கு ஏற்ற வழியைத் தேர்வதைப் பற்றி. ஆனாலும் பொருளியல் பாடத்தில் அந்தச் சொல் ஊன்றிவிட்டதால் ‘வரம்புக்குட்பட்ட பகுத்தறிவு’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. ‘குறை அறிவு’, ‘அரை அறிவு’ எல்லாம் வேண்டாம். குறுகிய வரம்புக்குள் ஒழுங்காக யோசித்தவரை மடையர் ஆக்கிவிடும்.

சாட்டிஸ்ஃபைசிங்குக்கு ‘திருப்திப்படுதல்’ என்று போடுவது அந்தத் திருத்தியவர் செய்த அதே தவறு. திருப்தி மனநிலை, இது நிறுத்தும் விதி. எங்கள் மேலாளர் டோக்கன் போட்ட அன்று திருப்தியாகவே இல்லை, ஒன்றரை ரூபாய் கூடுதல் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார். ‘போதுமென்ற மனம்’ பழமொழியையும் இழுக்க வேண்டாம், அது ஆசை அடக்கும் பாடம். நான் ‘போதுமளவுத் தேர்வு’ என்று எழுதினேன், எதிர்ச்சொல்லாக ‘உச்சத் தேர்வு’. வினையாக வேண்டும் என்றால் ‘போதுமெனத் தேர்தல்’. திருத்தியவருக்கும் அனுப்பினேன், ‘போதுமளவு’ ஒரே சொல்லா இரண்டா என்று கேட்டு பதில் வந்திருக்கிறது.