தலைகீழ் வளைவை நம்பி நீண்ட காலப் பத்திரம் வாங்கும் முன்

2024 செப்டம்பர் நடுவில் என்னிடம் ஆலோசனை பெறும் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "சார், ஃபெட் வட்டி 5.25–5.50, பத்து வருஷப் பத்திரத்தோட யீல்டு 3.65தான். வளைவு தலைகீழா நிக்குது. வட்டியைக் குறைச்சதும் பத்திர விலை ஏறும்ல? மொத்தத்தையும் பத்து வருஷத்துல போட்டுடலாமா?"

ஃபெட் என்பது அமெரிக்க மத்திய வங்கி. யீல்டு என்பது பத்திரத்தை இன்றைய விலைக்கு வாங்கினால் ஆண்டுக்குக் கிடைக்கும் வருமான விகிதம்; விலை இறங்கினால் அது ஏறும். நீண்ட காலப் பத்திரத்தின் யீல்டு குறுகிய கால வட்டியைவிடக் கீழே இருப்பதைத்தான் தலைகீழ் வளைவு என்கிறோம். அவசரப்பட வேண்டாம் என்றேன். ஆனால் ஏன் என்று பொறுமையாக விளக்கவில்லை; அவர் வாங்கிவிட்டார். செப்டம்பர் 18 அன்று ஃபெட் அரை சதவீதப் புள்ளி குறைத்தது. நவம்பரிலும் டிசம்பரிலும் கால் கால் புள்ளி. ஆக மொத்தம் ஒரு முழுப் புள்ளி குறைந்தது. அதே காலத்தில் பத்து வருட யீல்டு ஏறிக்கொண்டே போய், 2025 ஜனவரி நடுவில் 4.8 சதவீதத்தைத் தொட்டது. அவர் வைத்திருந்த பத்திரத்தின் விலை ஏறக்குறைய 8 முதல் 9 சதவீதம் இறங்கியிருந்தது. வட்டி குறையும் என்று அவர் கணித்தது சரிதான். அப்படியும் நஷ்டம்.

அன்று நான் சொல்லாமல் விட்டது இதுதான். பத்து வருட யீல்டு என்பது இரண்டு துண்டுகளின் கூட்டுத்தொகை. முதல் துண்டு, அடுத்த பத்து ஆண்டுகளில் குறுகிய கால வட்டி சராசரியாக எவ்வளவு இருக்கும் என்ற சந்தையின் எதிர்பார்ப்பு. இரண்டாவது, அவ்வளவு நாள் பணத்தை முடக்கி விலை ஆடும் அபாயத்தைச் சுமப்பதற்கு முதலீட்டாளர் கேட்கும் கூடுதல். இதை டேர்ம் பிரீமியம் என்கிறோம்.

விளக்கத்துக்காக நானே போட்ட ஒரு கணக்கைப் பாருங்கள். முதல் ஆண்டில் ஃபெட் நிர்ணயிக்கும் கொள்கை வட்டி சராசரி 4.25, பின் ஒன்பது ஆண்டுகளும் 3.25 என்று சந்தை நினைப்பதாக வைத்துக்கொள்வோம். பத்தாண்டு சராசரி 3.35. பிரீமியம் 0.30 சேர்த்தால் 3.65. அதாவது, ஃபெட் கையை அசைப்பதற்கு முன்பே இரண்டு புள்ளிக்கும் மேலான குறைப்பு அந்த விலைக்குள் வந்துவிட்டது. எதிர்பார்த்தபடி குறைத்தால் விலை ஏறக் காரணமே இல்லை; எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் குறைத்தால்தான் ஏறும்.

இப்போது வட்டி 3.25க்குப் பதில் 3.75இல் போய் நிற்கும் என்று நினைப்பு மாறட்டும். சராசரி 3.80 ஆகிறது. பிரீமியமும் 1.00க்கு ஏறினால் யீல்டு 4.80. இத்தனைக்கும் முதல் ஆண்டுக் குறைப்பு அப்படியே நடந்திருக்கிறது! உண்மையிலும் ஏறத்தாழ இதுதான் நடந்தது. வட்டி அதிகம் குறையாது என்ற எண்ணம் வலுத்தது; கூடவே, நியூயார்க் ஃபெட் வெளியிடும் மதிப்பீட்டின்படி அந்த ஏற்றத்தில் பெரும்பங்கு டேர்ம் பிரீமியத்துடையது.

பிரீமியம் ஏன் மாறுகிறது? பொருளாதாரம் சரியும்போது பங்குகள் விழுந்து பத்திரங்கள் ஏறும் என்றால், நீண்ட காலப் பத்திரம் காப்பீடு போல ஆகிவிடும். காப்பீட்டுக்குக் காசு கொடுக்க ஆள் இருப்பதால் பிரீமியம் பூஜ்யத்துக்கும் கீழே போகலாம். மத்திய வங்கியே பத்திரங்களை வாங்கிக் குவித்தாலும் இறங்கும். மாறாக, பணவீக்கம்தான் முதல் பயம் என்றால் பங்கும் பத்திரமும் சேர்ந்தே விழும். காப்பீட்டு மதிப்பு போய்விடும். அரசு கூடுதலாகக் கடன் வாங்கினாலும் அதே திசைதான்.

ஆகவே தலைகீழ் வளைவைப் பார்த்ததும் 'மந்தநிலை வரப்போகிறது' என்று நான் சொல்வதில்லை. பிரீமியம் எதிர்மறையாக இருந்தால், சிறிய குறைப்பை எதிர்பார்த்தாலே வளைவு கவிழ்ந்துவிடும். வட்டி குறையும் என்ற எதிர்பார்ப்புக்கும் மந்தநிலை ஒன்றே காரணமல்ல. பணவீக்கம் தணிந்தாலும் குறைக்கலாம். அமெரிக்காவில் இரண்டு வருட, பத்து வருட யீல்டுகள் 2022 ஜூலை முதல் 2024 செப்டம்பர் தொடக்கம் வரை தலைகீழாகவே கிடந்தன. அந்தக் காலத்தில் மந்தநிலை எதுவும் அறிவிக்கப்படவில்லை.

கொள்கை வட்டியைப் பற்றி மட்டும் தெரிய வேண்டுமென்றால் வளைவின் முன்பகுதியைப் பாருங்கள். அங்கே பிரீமியம் பொதுவாகச் சிறியது. ஓராண்டு யீல்டு 5, இரண்டாண்டு 4.5 என்றால், 100 ரூபாய் இரண்டாண்டில் 109.20 ஆகும், ஓராண்டில் 105. 109.20ஐ 105ஆல் வகுத்தால் இரண்டாம் ஆண்டுக்குச் சந்தை வைத்திருக்கும் வட்டி 4 சதவீதம் என்று வரும். பத்தாண்டுப் பத்திரத்தில் இவ்வளவு தெளிவாகப் பிரிக்க முடியாது. டேர்ம் பிரீமியத்தை யாரும் நேரில் பார்த்ததில்லை, மாடல் வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். ஒரே நாளுக்கு நியூயார்க் ஃபெட் ஓர் எண்ணும் ஃபெட் வாரியம் வேறோர் எண்ணும் தரும். எண்ணின் துல்லியத்தை நான் நம்புவதில்லை, இரண்டும் ஒரே திசையில் நகர்கின்றனவா என்று மட்டும் பார்க்கிறேன்.

இப்போது யாராவது 'வட்டி குறையப் போகுது' என்று அழைத்தால், நான் முதலில் கேட்பது இதுதான்: "சந்தை ஏற்கெனவே எவ்வளவு குறைப்பை விலையில் வைத்திருக்கிறது, அதைவிட அதிகம் குறையும் என்கிறீர்களா?"