‘உன் பாரத்தை வைத்துவிடு’: எபிரேயத்தில் ஒரே ஒரு முறை வரும் ஒரு சொல்லின் கதை

போன மாதம் ஓர் இளம் போதகர் போன் செய்தார். ஞாயிறு செய்திக்கு சங்கீதம் 55:22-ஐ எடுத்திருந்தார். “கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு, அவர் உன்னை ஆதரிப்பார்.” நம்மில் எத்தனையோ வீடுகளில் சுவரில் மாட்டியிருக்கும் வசனம். “ஐயா, மூலபாஷையில் அது பாரமே இல்லையாமே? ஸ்ட்ராங் அகராதியில் எண் 3053 போட்டுப் பார்த்தேன், ‘கொடுக்கப்பட்டது’ என்று வருகிறது. அப்படியென்றால் நம் வரங்களைக் கர்த்தரிடம் வைத்துவிட வேண்டும் என்று சொல்லலாமா?” என்று கேட்டார்.

கேட்டது நல்லதாயிற்று. பலர் கேட்காமலேயே சொல்லிவிடுகிறார்கள். எபிரேயம் சொல்லிக் கொடுப்பதும் வேதாகம மொழிபெயர்ப்புகளைச் சரிபார்ப்பதும்தான் என் வேலை. “மூலத்தில் இதன் உண்மையான அர்த்தம்...” என்று தொடங்கும் பிரசங்கங்கள் அடிக்கடி என் காதில் விழுகின்றன. அகராதி ஒரு பொருளைத் தரும்போது, அது நூறு இடங்களைப் பார்த்துச் சொன்னதா, ஒரே இடத்தை வைத்து ஊகித்ததா என்று அந்த ஒரு வரியில் தெரிவதில்லை. இந்தச் சொல் இரண்டாவது வகை.

எபிரேய வேதாகமம் முழுவதிலும் ஒரே ஒரு முறை மட்டும் வரும் சொற்கள் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பயமுறுத்துவதில்லை. தெரிந்த வேரிலிருந்து பிறந்தவை என்பதால் பொருள் பிடிபட்டுவிடும். எபிரேயத்துக்குள் வேரே கிடைக்காமல் தனியாக நிற்பவை சுமார் 400. நம் சொல் இந்த இரண்டுக்கும் நடுவில் ஊசலாடுகிறது. அதனால்தான் மாணவர்களுக்கு முதலில் இதையே எடுத்துக் கொடுக்கிறேன்.

எபிரேய மூலத்தில் சொல் இருக்கும் வடிவம் ‘யெஹாவ்கா’. கடைசியில் உள்ள ‘கா’ என்பது ‘உன்’. அதைக் கழற்றினால் ‘யெஹாவ்’. எபிரேயப் பதிப்பில் தேடுகிறவர்கள் 22-ஆம் வசனத்தில் தேடி ஏமாறக் கூடாது. அங்கே சங்கீதத்தின் தலைப்பும் ஒரு வசனமாக எண்ணப்படுவதால் இது 23-ஆம் வசனம்.

அகராதியைத் திறக்கும் முன் ஒரு வேலை உண்டு. தெரியாத சொல்லை விரலால் மூடிவிட்டு மீதி வாக்கியத்தை வாசிக்க வேண்டும். “கர்த்தர்மேல் உன் ( ) எறிந்துவிடு, அவர் உன்னைப் பராமரிப்பார்.” ஆம், எபிரேயத்தில் இருப்பது ‘எறி’. யோசேப்பைக் குழிக்குள் தூக்கிப் போட்டார்களே, அங்கே வரும் அதே வினை. தமிழ் ‘வைத்துவிடு’ அதைக் கொஞ்சம் மென்மையாக்கியிருக்கிறது. அடுத்த வினை ‘கில்கேல்’. பஞ்ச காலத்தில் யோசேப்பு தகப்பனைப் பராமரிப்பேன் என்று சொல்லி அனுப்பும்போதும், காகங்கள் எலியாவுக்கு உணவு கொண்டுவரும்போதும் வருவது இதுதான். சாப்பாடு போட்டுக் காப்பாற்றுவது.

அப்படியானால் மூடிய இடத்தில் இருப்பது என்ன? தூக்கி வேறொருவர்மேல் போடக்கூடியது. போட்டவனுக்கு அதன்பிறகு பராமரிப்பு கிடைக்கிறது. சங்கீதம் முழுவதையும் பார்த்தால் இன்னும் கொஞ்சம் தெளிகிறது. கூடவே இருந்த நண்பன் துரோகம் செய்துவிட்டான். அவன் பேச்சு வெண்ணெய், மனசு யுத்தம் என்று முந்தின வசனம் சொல்கிறது. அதற்கு அடுத்த வரியில் இந்தச் சொல். சங்கீதம் 37:5-இலும் இதே அமைப்பு இருக்கிறது. நம் வேதாகமத்தில் “உன் வழியைக் கர்த்தருக்கு ஒப்புவித்து” என்று உள்ளது, எபிரேயத்தில் ‘உன் வழியைக் கர்த்தர்மேல் உருட்டிவிடு’. ஆக, சூழல் மட்டும் சொல்வது: கவலை, சுமை, வழி, நிலைமை, இவற்றில் ஏதோ ஒன்று. ‘வரம்’ அந்தப் பட்டியலில் இயல்பாக உட்காரவில்லை. சூழல் இப்படி ஒரு வேலி போடும். வேலிக்குள் எந்த இடம் என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

சரி, இனி உறவு மொழிகள். அரமேயத்தில் ய-ஹ-ப் அன்றாடச் சொல், ‘கொடு’ என்று பொருள். (கடைசி ‘ப்’ உயிரொலிக்குப் பின் ‘வ்’ என மென்மையாகும்.) தானியேல் 2:37-இல் பரலோகத்தின் தேவன் நேபுகாத்நேச்சாருக்கு ராஜ்யத்தைக் ‘கொடுத்தார்’ என்ற இடத்தில் இருப்பது இந்த வினையே. அரபியில் அது வ-ஹ-ப். வஹபா என்றால் ஈந்தான். முதல் எழுத்து மாறியிருக்கிறதே என்று தயங்க வேண்டாம். அரபியில் சொல்லின் தொடக்கத்தில் வரும் ‘வ’ எபிரேயத்திலும் அரமேயத்திலும் ‘ய’ ஆவது வழக்கம். அரபியில் குழந்தை ‘வலத்’, எபிரேயத்தில் ‘யெலெத்’. நம் பால் கன்னடத்தில் ஹாலு, புலி ஹுலி ஆவது போல ஒழுங்கான மாற்றம். இந்த ஒழுங்கு இருந்தால்தான் இரண்டு சொற்களையும் உறவு என்று ஏற்கலாம். காதுக்கு ஒன்றுபோலக் கேட்பது போதாது.

எபிரேயத்திலும் இந்த வேர் அடியோடு இல்லாமல் இல்லை. ஏவலாக மட்டும் எஞ்சியிருக்கிறது. ராகேல் யாக்கோபிடம் “எனக்குப் பிள்ளைகொடும்” என்று சொல்லும்போது அவள் வாயில் வருவது ‘ஹாவா’. ஆகவே யெஹாவ் என்பதை ‘கொடுக்கப்பட்டது’ என்று பிரிக்க வேரின் கணக்கில் தடையில்லை. போதகரின் அகராதி சொன்னது இதைத்தான். ஆனால் வேர் சொல்வது ஒரு சொல்லின் பிறப்பிடத்தை. அது போய்ச் சேர்ந்த ஊர் வேறாக இருக்கலாம்.

இங்கேதான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. எபிரேயத்தில் ‘லெஹெம்’ ரொட்டி. அதே சொல் அரபியில் ‘லஹ்ம்’, இறைச்சி. ஒலிகள் சரியாகப் பொருந்துகின்றன, உறவில் சந்தேகமே இல்லை, பொருள் மட்டும் வேறு. லெஹெம் ஒரே ஒரு இடத்தில் மட்டும் வந்திருந்து, நம் கையில் அரபி மட்டும் இருந்திருந்தால், பெத்லெகேமை ‘இறைச்சி வீடு’ என்று தைரியமாக எழுதியிருப்போம். அரபு அறிஞர்கள் சொல்லிவந்த ஒரு பழங்கதையும் உண்டு. யேமன் பக்கத்து ஹிம்யர் அரசனைப் பார்க்க வடக்கத்திய அரபு ஒருவன் போனான். அரசன் உயரமான இடத்தில் இருந்தான். ‘திப்’ என்றான். ஹிம்யர் பேச்சில் அது ‘உட்கார்’. வந்தவனின் அரபியிலோ அது ‘குதி’. அவன் அங்கிருந்து குதித்து உயிரைவிட்டான். எபிரேயத்தில் உட்காருவதற்குள்ள ‘யாஷவ்’ இதே வேர். நடந்ததோ இல்லையோ, உறவு மொழி என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வகுப்பில் எனக்குக் கிடைத்ததில்லை.

பழைய மொழிபெயர்ப்பாளர்கள் என்ன செய்தார்கள்? எபிரேய வேதாகமத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த எழுபதின்மர் ‘கவலை’ என்று எழுதினார்கள். “உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்” என்று 1 பேதுரு 5:7-இல் வாசிக்கிறோமே, அது இந்தக் கிரேக்க வரியின் எதிரொலி. எபிரேயத்திலிருந்து நேரடியாக லத்தீனில் பெயர்த்தபோது ஜெரோம் ‘உன் அன்பை’ என்று போட்டார். ‘நேசி’ என்பதற்குள்ள அ-ஹ-ப் வேரோடு இதைச் சேர்த்திருக்க வேண்டும். அவ்வளவு பெரிய அறிஞரே பக்கத்து வேருக்குத் தாவியிருக்கிறார். 1611-இன் ஆங்கில மொழிபெயர்ப்பு உள்ளே ‘சுமை’ என்றும் ஓரத்தில் ‘கொடை’ என்றும் வைத்தது. ஊகம் என்பதை வாசகரிடம் மறைக்காத அந்த ஓரக் குறிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

சுமை என்ற பொருளுக்குப் பின்னால் ஓர் அருமையான சாட்சி இருக்கிறது. யூத ரபிமாரின் விவாதங்களைத் தொகுத்த பாபிலோனிய தால்முதில், மெகில்லா 18அ பக்கத்தில், இந்தச் சொல்லுக்குப் பொருள் தெரியாமல் ரபிமார் இருந்ததாக வருகிறது. அப்போது ரப்பா பர் பர் ஹனா சொல்கிறார்: ஒருநாள் ஓர் அரபு வியாபாரியோடு நடந்துகொண்டிருந்தேன், என்னிடம் ஒரு சுமை இருந்தது. அவன், “உன் யெஹாவை எடு, என் ஒட்டகத்தின்மேல் போடு” என்றான். அவ்வளவுதான், வசனம் விளங்கிவிட்டது.

கதை சொல்பவர் தன் வாயால் சொல்லும்போது சுமைக்கு ‘தூனா’ என்ற வழக்கமான அரமேயச் சொல்லையே போடுகிறார். அரபு வியாபாரி பேசும்போது மட்டும் யெஹாவ். உறவு மொழியையும் சூழலையும் ஒரே வரியில் சேர்த்துப் படித்த மனிதர் அவர். தோளில் கனம் இருக்கிறது, பக்கத்தில் ஒட்டகம் நடக்கிறது, ‘எடு, போடு’ என்று ஒருவன் சொல்கிறான். நடுவில் உள்ள தெரியாத சொல் எதைக் குறிக்கும் என்று கேட்கவே வேண்டாம்.

ஆனாலும் இந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தே ஆக வேண்டும். செவ்வியல் அரபி அகராதிகளில் வ-ஹ-ப் வேர் கொடையோடே நிற்கிறது. அதோடு, ‘உனக்குக் கொடுத்ததை எடுத்து ஒட்டகத்தின்மேல் போடு’ என்று வியாபாரி சொல்லியிருந்தாலும் அந்தக் காட்சி அப்படியே பொருந்தும். சுட்டிக்காட்டிய பொருள் சுமைதான். சொல்லின் பொருளும் சுமைதானா என்பதை அந்தக் காட்சி முடிவு செய்யவில்லை. சூழலை வைத்துச் சொல்லுக்குப் பொருள் தந்துவிட்டு, அந்தப் பொருளையே சூழலுக்கு ஆதாரமாகக் காட்டும் வட்டம் இங்கே எளிதில் உருவாகும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ‘யெஹாவ்கா’ பெயர்ச்சொல்லாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ‘உனக்குக் கொடுத்தார்’ என்ற வினைக்கும் இதே உயிர்க்குறிகள் சரியாக வரும். “அவர் உனக்குக் கொடுத்ததைக் கர்த்தர்மேல் எறிந்துவிடு” என்று அப்போது வாக்கியம் மாறும்.

போதகரிடம் கடைசியில் சொன்னது இதுதான். ‘உனக்கு வாய்த்தது, உன் பங்குக்கு வந்தது’ என்று எடுத்துக்கொண்டால் வேரும் இடிக்காது, சூழலும் இடிக்காது. இந்தச் சங்கீதத்தில் வாய்த்தது நண்பனின் துரோகம், ஆகவே ‘பாரம்’ இங்கே தவறில்லை. ‘வரங்கள்’ என்றால் வேர் மட்டும் ஒத்துக்கொள்ளும், வாக்கியம் ஒத்துக்கொள்ளாது. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்போ பாரம் என்றே பேசுகிறேன் ஐயா, இது ஒரே இடத்தில் வரும் சொல் என்பதையும் சொல்லிவிடுகிறேன்” என்றார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மலைமொழி வரைவைச் சரிபார்க்கும்போதும் இதே வரியில் ஒரு முழு மத்தியானம் உட்கார்ந்திருந்தோம். வரைவை வாசித்துக் காட்டியபோது அந்த ஊர்ப் பாட்டி ஒருவர், “என்ன பாரம் சாமி, விறகா?” என்று கேட்டார். அவர்கள் மொழியில் அந்தச் சொல் தலைச்சுமைக்கு மட்டும்தான். ‘உன்மேல் வந்து விழுந்தது’ என்று மாற்றி வாசித்ததும் பாட்டி தலையாட்டினார். அதையே உள்ளே வைத்தோம். கீழே சிறிய எழுத்தில், இந்தச் சொல் இங்கே மட்டும் வருகிறது, ‘கொடுக்கப்பட்டது’ என்றும் ‘சுமை’ என்றும் படிக்கலாம் என்று ஓர் அடிக்குறிப்பு போட்டோம்.