இரண்டு அவசரப் பைகள்: ஒரு திட்டத்தின் பட்ஜெட்டில் யார் கையில் எது?

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கிக்குப் பணம் ஏன் இப்படிக் கரைகிறது என்று ஆராய 2010-இல் ஒரு தனிக்குழு அமைக்கப்பட்டது. ஜான் கசானி அதன் தலைவர். தொழில்நுட்பப் பணி நன்றாகவே நடக்கிறது, கோளாறு பட்ஜெட்டிலும் நிர்வாகத்திலும்தான் இருக்கிறது என்று அந்தக் குழு சொன்னது. அவசரத்துக்கென ஒதுக்கிய பணம் குறைவு, அதுவும் தேவைப்பட்ட ஆண்டில் இல்லை என்பது அதன் முக்கியமான கண்டுபிடிப்பு. அது எப்படி நடக்கிறது என்று புரிய, முதலில் அந்த அவசரப் பணம் ஒன்றல்ல, இரண்டு என்பது தெரிய வேண்டும்.

விண்வெளியை விட்டுவிட்டு ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள் இவை. வேலையின் மதிப்பீடு 10 கோடி ரூபாய். தொடங்கும் முன்பே பொறியாளருக்கு மூன்று பயங்கள் இருக்கின்றன. அஸ்திவாரம் தோண்டும்போது பாறை வர 30% வாய்ப்பு உண்டு, வந்தால் 40 லட்சம் கூடுதல் செலவு. கம்பி விலை ஏற 50% வாய்ப்பு, ஏறினால் 30 லட்சம். மின் இணைப்பு தாமதமாக 20% வாய்ப்பு, தாமதமானால் 25 லட்சம். இவை நடக்குமா என்பது தெரியாது, ஆனால் நடக்கலாம் என்பது தெரியும். இப்படிப் பெயர் சொல்லிப் பட்டியலில் எழுத முடிந்த ஆபத்துகளுக்காக வைப்பதுதான் கன்டிஜென்சி ரிசர்வ்.

எவ்வளவு வைப்பது? பலரும் முதலில் செய்வது வாய்ப்பையும் செலவையும் பெருக்கிக் கூட்டுவது. பாறைக்கு 12 லட்சம், கம்பிக்கு 15, மின்சாரத்துக்கு 5, ஆக 32 லட்சம். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பாறை வந்தால் அது ஒன்றே 40 லட்சம் கேட்கும், கையில் இருப்பதோ 32. பெருக்கிக் கூட்டி வருவது ஒரு சராசரி. நூறு கட்டடம் கட்டும் நிறுவனத்துக்கு அது சரியாக வரும். ஒரே ஒரு கட்டடம் கட்டுகிறவருக்கு அது போதாமல் போகலாம்.

அதனால் கேள்வியை மாற்றிக் கேட்கிறார்கள்: எவ்வளவு வைத்தால் எத்தனை சதவீதம் நிச்சயம்? மூன்று ஆபத்துக்கு எட்டு விதச் சேர்க்கைகள்தான் இருக்கின்றன, கையாலேயே போடலாம். எதுவுமே நடக்காமல் போக 0.7 × 0.5 × 0.8, அதாவது 28% வாய்ப்பு. கம்பி மட்டும் ஏற இன்னொரு 28%. இப்படி எட்டையும் கணக்கிட்டு, செலவு குறைந்ததிலிருந்து அடுக்கிக் கூட்டிக்கொண்டே போனால், 32 லட்சம் போதுமாக இருக்க 63% வாய்ப்புதான் என்று தெரிகிறது. 40 லட்சம் வைத்தால் 75%, 55 லட்சம் வைத்தால் 82%, 70 லட்சம் வைத்தால் 97%. உண்மையான திட்டத்தில் ஆபத்துகள் நிறைய இருக்கும், ஒவ்வொன்றின் செலவும் ஒரே எண்ணாக இராது. அப்போது இதையே கணினியில் ஆயிரக்கணக்கான முறை ஓட்டிப் பார்ப்பார்கள். மான்டே கார்லோ முறை என்பது அதுதான். நம் கட்டடத்துக்கு 80% நிச்சயமாவது வேண்டும் என்று உரிமையாளர் சொன்னால் 55 லட்சம். இதை மதிப்பீட்டோடு சேர்த்த 10.55 கோடிதான் பேஸ்லைன், செலவை அளக்கும் அளவுகோல்.

இந்த 55 லட்சத்தைச் செலவிடும் அதிகாரம் திட்ட மேலாளருக்கு உண்டு. பாறை வந்துவிட்டால் அவரே கையெழுத்துப் போட்டு 40 லட்சத்தை அஸ்திவாரக் கணக்குக்கு மாற்றலாம். பேஸ்லைன் மாறாது, ரிசர்வில் 15 மீதி. அதேபோல, தோண்டி முடித்தும் பாறை வரவில்லை என்றால் அந்த ஆபத்து முடிந்தது. அதற்காக வைத்த பணத்தில் மிச்ச ஆபத்துகளுக்குத் தேவையானது போக மற்றதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நல்ல டைல்ஸ் போடலாமே என்று அதை எடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

சரி, தோண்டும்போது பாறைக்குப் பதில் பழங்காலக் கட்டுமானம் ஒன்று வெளிப்பட்டு வேலை நின்றுபோனால்? அது யாருடைய பட்டியலிலும் இல்லை. அப்படிப்பட்டதற்குத்தான் மேனேஜ்மென்ட் ரிசர்வ். பட்டியல் இல்லாததால் பெருக்க ஒன்றும் இல்லை. இந்த மாதிரி வேலையை முன்பு செய்திருக்கிறோமா, நிலமும் தொழில்நுட்பமும் எவ்வளவு புதியவை என்று பார்த்து மேலிடம் ஒரு சதவீதத்தை முடிவு செய்யும். 5 முதல் 10 சதவீதம் வைப்பதைப் பரவலாகக் காணலாம், முற்றிலும் புதிய வேலைக்கு அது போதாது. நாம் 50 லட்சம் என்று வைப்போம். மொத்த பட்ஜெட் 11.05 கோடி ஆகும், பேஸ்லைன் மட்டும் 10.55-லேயே நிற்கும்.

இதை மேலாளர் தானாகத் தொட முடியாது. என்ன நடந்தது, ஏன் பட்டியலில் இல்லை, எவ்வளவு வேண்டும் என்று எழுதி மாற்றக் கோரிக்கை வைக்க வேண்டும். உரிமையாளரோ குழுவோ 20 லட்சம் அனுமதித்தால் அது பேஸ்லைனுக்குள் வந்து 10.75 ஆகும், ரிசர்வ் 30-ஆகக் குறையும். மொத்தம் அதே 11.05. முதலிலிருந்தே பேஸ்லைனுக்குள் போட்டிருந்தால், 50 லட்சம் மிகைச்செலவு ஆகும்வரை யாருக்குமே தெரியாது. வெளியே வைப்பதற்கு அதுதான் காரணம். அப்புறம், உரிமையாளர் இன்னொரு மாடி கேட்டால் அது இரண்டு பையிலிருந்தும் வராது, புதுப் பணம்தான்.

பெயரை மட்டும் நம்ப வேண்டாம். அமெரிக்க அரசு ஒப்பந்தங்களில் ஒப்பந்ததாரரின் திட்ட மேலாளர் கையில் இருப்பதையே மேனேஜ்மென்ட் ரிசர்வ் என்பார்கள். யார் கையெழுத்து வேண்டும் என்று கேட்பதே பாதுகாப்பு.

இனி வெப்புக்கு வருவோம். அப்போது ஒப்புக்கொண்ட செலவு சுமார் 500 கோடி டாலர், ஏவ வேண்டியது 2014-இல். அடிப்படை மதிப்பீடே குறைவாக இருந்ததால் அதன்மேல் வைத்த ரிசர்வும் குறைந்தது. முதல் ஆண்டிலேயே கையில் பணம் இல்லாததால், சிக்கல் வந்தபோதெல்லாம் வேலையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளினார்கள். தள்ளிய வேலை அடுத்த ஆண்டின் ரிசர்வைத் தின்றது. மொத்தத் தொகை சரியாக இருந்தாலும் ஆண்டுவாரியாகப் பிரிப்பது தவறினால் இதுதான் நடக்கும். மாதாமாதம் மீதி ரிசர்வை மீதி ஆபத்துகளோடு ஒப்பிட்டு, பணம் மட்டும் வேகமாகக் குறைகிறதா என்று பார்த்தால் முன்பே தெரிந்துவிடும்.

நாசாவில் 2009 முதல் பெரிய திட்டங்களுக்குச் செலவும் காலமும் சேர்த்து 70% நிச்சயம் வருமாறு பட்ஜெட் போட வேண்டும் என்று விதி உண்டு. மேலாளருக்கு அதைவிடக் குறைந்த தொகையே உறுதி செய்யப்படும். இடைவெளியில் உள்ள பணம் தலைமையகத்தின் கையில் இருக்கும். இரண்டு பைகளின் தர்க்கமே இதிலும் இருக்கிறது.

வெப்புக்கு 2011-இல் 883.5 கோடி டாலரும் 13 மாதக் கால ரிசர்வும் கொண்ட புதுத் திட்டம் போடப்பட்டது. ஏழாண்டு கழித்து, 2018-இல், ஒலிச்சோதனைக்குப் பிறகு சூரியக்கவச உறையின் திருகுப் பொருத்துகள் கழன்று விழுந்தன. தவறான கரைப்பான் பட்டு வால்வுகளும் கெட்டிருந்தன. இரண்டும் மனிதத் தவறுகள், எந்த ஆபத்துப் பட்டியலிலும் இப்படி எழுதிவைக்க முடியாதவை. உருவாக்கச் செலவு 800 கோடி டாலர் என்ற சட்ட உச்சவரம்பைத் தாண்டியதால், பை காலியான மேலாளர் மட்டுமல்ல, நாசாவே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசின் முன் மறு அனுமதி கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. தொலைநோக்கி 2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்டது.