பதினாறாம் நாள் கொட்டிய முடி

"டாக்டர், ஊசி போட்டு ரெண்டு வாரம் ஆகப்போகுது. எனக்கு முடி கொட்டாது போலிருக்கே" என்றார் அந்த அம்மா. சினைப்பைப் புற்றுநோய்க்கு பாக்லிடாக்செலும் கார்போபிளாட்டினும் சேர்த்து முதல் கீமோ முடிந்திருந்தது. "இன்னும் ரெண்டு மூணு நாள் பாருங்கம்மா" என்றேன். 16-ஆம் நாள் காலையில் தலையணை முழுக்க முடி.

ஒரு செல் இரண்டாகும்போது, இரட்டித்த குரோமோசோம்களை இரு பக்கமும் பிரித்து இழுப்பவை கதிர்கோல் இழைகள். டியூபுலின் என்ற புரதத்தைக் கோத்துச் செய்த நுண்குழல்கள் அவை. கோப்பதும் கழற்றுவதும் ஓயாமல் நடந்தால்தான் வேலை ஓடும். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வரும் வின்கிரிஸ்டின் கோக்கவே விடாது. பாக்லிடாக்செல் நேர்மாறு, கழற்ற விடாது. எப்படியானாலும் செல் பாதிப் பிரிவில் மாட்டிக்கொண்டு, கடைசியில் பெரும்பாலும் செத்துப்போகும்.

இந்த மருந்துக்குப் புற்றுசெல் எது, நல்ல செல் எது என்று தெரியாது. அந்த நேரத்தில் யார் பிரிந்துகொண்டிருக்கிறார்களோ அவர்கள் மாட்டுவார்கள். குடலின் உட்பூச்சு நான்கைந்து நாளுக்கொரு முறை புதிதாகிறது. அதனால் முதல் வாரத்திலேயே வாய்ப்புண், வயிற்றுப்போக்கு தலைகாட்டலாம். எலும்பு மஜ்ஜையில் உற்பத்தி குறைந்து, இரண்டாவது வாரவாக்கில் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்காமல், நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும்.

தலைமுடியில் பத்துக்கு ஒன்பது எப்போதும் வளரும் கட்டத்தில்தான் இருக்கும். ஆக, அடி அங்கேயும் முதல் நாட்களிலேயே விழுந்துவிடுகிறது. ஆனால் அடிபட்ட இடம் தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. முடி நாளொன்றுக்கு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் வளரும். மெலிந்துபோன அந்தத் துண்டு மேலே வந்து முறிய இரண்டு மூன்று வாரம் பிடிக்கிறது. வேர்க்காலின் மூலசெல்கள் அவ்வளவாகப் பிரியாமல் தூங்குவதால் தப்பிவிடும். சிகிச்சை முடிந்தபின் அநேகமாக எல்லோருக்கும் முடி திரும்ப முளைப்பது அதனால்தான்.

சரி, நரம்பு செல் பிரிவதே இல்லை, அது தப்ப வேண்டுமல்லவா? தப்புவதில்லை. முதுகிலிருந்து கால்விரல் வரை நீளும் நரம்பிழைக்குள் சரக்கு ஓடும் தண்டவாளமும் இதே நுண்குழல்தான். அதனால்தான் மரமரப்பு முதலில் பாதத்திலும் விரல்நுனியிலும் தொடங்குகிறது.

முடியைப் பற்றி இரண்டு வாரத்துக்குள்ளேயே கேட்ட அந்த அம்மா, இதை நான்காவது கீமோவுக்கு வந்தபோதுதான் சொன்னார், அதுவும் நான் கேட்டபிறகு: "ஜாக்கெட் ஊக்கு மாட்டவே வரல டாக்டர், மருமகதான் மாட்டி விடுறா. வயசாயிடுச்சுன்னு விட்டுட்டேன்." அன்றைக்கு பாக்லிடாக்செல் அளவைக் குறைத்தோம். இப்போதெல்லாம் ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் என் முதல் கேள்வி ஊக்கைப் பற்றியும் செருப்பைப் பற்றியும்தான்: காலிலிருந்து கழன்றது தெரியாமல் நடந்தீர்களா?